புதிய சர்வரில் பிறந்த கணினி பழைய சர்வருக்குப் போனால்

ஒரே சர்வருக்குள் பத்து, இருபது கணினிகள் ஓடுவது இன்று சாதாரணம். அவை தனித்தனிப் பெட்டிகள் அல்ல, மென்பொருளால் உண்டாக்கிய மெய்நிகர் கணினிகள். துறையில் இருப்பவர்கள் விஎம் என்பார்கள். அவற்றைத் தாங்கும் பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர். ஹோஸ்ட்டில் பழுதுபார்க்கும் வேலை வந்தால், அதிலுள்ள விஎம்களை நிறுத்தாமலே பக்கத்து ஹோஸ்ட்டுக்கு அனுப்பிவிடலாம். இதுதான் லைவ் மைக்ரேஷன். மெமரியில் இருப்பதெல்லாம் நெட்வொர்க் வழியாக நகலாகி, கடைசியில் கண நேரம் நின்று, புதிய இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மெமரி நகலாகும், செயலி நகலாகாது. அங்கே வேறு செயலி இருக்கிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஒவ்வொரு செயலிக்கும் தனக்குத் தெரிந்த கட்டளைகளின் பட்டியல் உண்டு. லினக்ஸ் தொடங்கும்போது CPUID என்ற கட்டளையைக் கொடுத்து, "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று செயலியைக் கேட்கிறது. ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது, அடிப்படை நூலகமான ஜிலிப்சி அந்தப் பதிலைப் பார்த்து, மெமரியை நகலெடுப்பது போன்ற சிறு வேலைகளுக்குக்கூட அந்தச் செயலிக்கு ஏற்ற வேகமான வடிவத்தைத் தேர்ந்துகொள்கிறது. ஒருமுறை தேர்ந்த பிறகு, பொதுவாக யாரும் திரும்பக் கேட்பதில்லை. தொடக்கத்தில் கிடைத்த பதிலை நம்பி அந்த நிரல் மாதக்கணக்கில் ஓடும்.

விஎம்முக்கு அந்தப் பதிலை என்னவென்று சொல்வது என்பதை நிர்வாகிதான் முடிவு செய்கிறார். லினக்ஸின் கேவிஎம், லிப்வர்ட் ஏற்பாட்டில் host-passthrough என்று கொடுத்தால், ஹோஸ்ட் செயலி கிட்டத்தட்ட அப்படியே விஎம்முக்குத் தெரியும். custom என்று கொடுத்து ஒரு மாடலின் பெயரைச் சொன்னால், அந்த மாடலுக்குரிய வசதிகள் மட்டும் தெரியும். ஹோஸ்ட்டில் அதற்கு மேல் இருப்பவை மறைக்கப்படும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள். பழையதில் 2016-இல் வந்த Xeon E5-2680 v4, பிராட்வெல் தலைமுறை. புதியதில் 2017-இல் வந்த Xeon Gold 6130, ஸ்கைலேக் தலைமுறை. இரண்டாவதற்கு AVX-512 என்ற அகலமான கணக்குக் கட்டளைகள் தெரியும், முதலாவதற்குத் தெரியாது. விஎம்கள் எல்லாம் host-passthrough.

பழைய சர்வரில் தொடங்கிய விஎம்மைப் புதியதற்கு அனுப்புகிறார் நிர்வாகி. நன்றாக ஓடுகிறது. திரும்ப அனுப்பினாலும் ஓடுகிறது. பழைய செயலி சொன்ன பதிலை நம்பித்தானே அது ஓடுகிறது! இந்தச் சோதனை வெற்றியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். விஎம் புதிய சர்வரில் இருக்கும்போது, ஏதோ ஒரு நாள் அதை நிறுத்தித் தொடங்குகிறார்கள். இப்போது CPUID கேள்விக்கு ஸ்கைலேக் பதில் சொல்கிறது. நிரல்கள் AVX-512 இருக்கிறது என்று நம்பி எழுகின்றன. அன்றிலிருந்து அந்த விஎம்முக்குப் பழைய சர்வர் ஆகாது. ஆனால் அதைச் சொல்லும் எச்சரிக்கை எதுவும் திரையில் வராது.

பிறகொரு நாள் புதிய சர்வரைக் காலி செய்ய வேண்டி வந்து, விஎம்மைப் பழையதற்கு அனுப்பும்போது மூன்றில் ஒன்று நடக்கலாம். அனுப்பும் வேலையே பிழையோடு நின்றால் அது அதிர்ஷ்டம். விஎம் இருந்த இடத்திலேயே தொடரும். போய்ச் சேர்ந்த உடனே உறைந்து போகலாம். அல்லது எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்து, ஒவ்வொரு நிரலாகச் சாகலாம். மூன்றாவதைக் கண்டுபிடிக்க விஎம்முக்குள் dmesg பாருங்கள். `trap invalid opcode` என்ற வரி இருந்தால், செயலிக்குத் தெரியாத கட்டளை அதற்குப் போயிருக்கிறது என்று பொருள். அது மைக்ரேஷனுக்குப் பின்தான் வரத் தொடங்கியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் செயலி மாற்றத்தைத்தான்.

இரண்டு சர்வர்களும் ஒரே மாடல் என்றாலும் முழு நிம்மதி இல்லை. TSX என்ற இன்டெல் வசதியை, பாதுகாப்புக் குறைபாடுகளின் காரணமாகப் பல செயலிகளில் மைக்ரோகோடு வழியாகவே பின்னாளில் அணைத்தார்கள். ஒரு சர்வரில் அப்டேட் போட்டு மற்றதில் போடாமல் விட்டால், ஒரே பெயருள்ள இரண்டு செயலிகள் வெவ்வேறு பதில் சொல்லும்.

சரியான வழி, இரண்டு ஹோஸ்ட்டுக்கும் பொதுவானதைக் கண்டுபிடிப்பது. ஒவ்வொன்றிலும் `virsh domcapabilities` கொடுத்து, வரும் பதில்களை ஒரே கோப்பில் சேர்த்துவிட்டுக் கேளுங்கள்:

```
virsh hypervisor-cpu-baseline --migratable both.xml
```

இரண்டிலும் இருக்கும் வசதிகளை மட்டும் வைத்து ஒரு வரையறை கிடைக்கும். அதை விஎம்மின் அமைப்பில் எழுத வேண்டும். நம் உதாரணத்தில் அது ஏறக்குறைய இப்படி அமையும்; கூடவே சில feature வரிகளும் வரலாம்:

```
<cpu mode='custom' match='exact'>
  <model fallback='forbid'>Broadwell-noTSX-IBRS</model>
</cpu>
```

இப்படி எழுதிய விஎம் எந்தச் சர்வரில் தொடங்கினாலும் தன்னைப் பிராட்வெல் என்றே நம்பும். வசதி குறைந்த ஹோஸ்ட்டுக்கு அனுப்பினால், எந்த வசதி இல்லை என்று பெயர் சொல்லி லிப்வர்ட் முதலிலேயே மறுத்துவிடும். நடு இரவில் உறைந்த விஎம்மைவிட இந்த மறுப்பு எவ்வளவோ மேல். host-model என்ற இடைப்பட்ட வழியும் இந்தச் சோதனையைச் செய்யும். ஆனால் அது தொடங்கும் ஹோஸ்ட்டைப் பார்த்தே தன் வடிவத்தை எடுப்பதால், புதிய சர்வரில் பிறந்தால் பழையதற்குத் திரும்ப முடியாது என்ற சிக்கல் அப்படியே இருக்கும்.

AVX-512-ஐ இழப்பது நஷ்டமில்லையா? பெரிய கணக்குகளுக்கு நஷ்டம்தான். இணையதளம், மின்னஞ்சல், சாதாரண டேட்டாபேஸ் ஓடும் விஎம்மில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஆனால் பொதுவாக இருக்கட்டும் என்று kvm64 அளவுக்கு இறங்கிவிடாதீர்கள். அதில் AES கட்டளைகள் இல்லாததால் டிஸ்க் என்கிரிப்ஷனும் https-உம் மந்தமாகும். ஸ்பெக்டர் போன்ற குறைபாடுகளுக்கு எதிராக விஎம்முக்குள் இருக்கும் கெர்னல் பயன்படுத்த வேண்டிய வசதிகளும் அதற்குத் தெரியாமல் போகும். மேலே உள்ள பெயரின் கடைசியில் நிற்கும் IBRS அப்படிப்பட்ட ஒரு வசதிதான். ரெட்ஹேட் 9 போன்ற புதிய லினக்ஸோ, இவ்வளவு பழைய மாடலில் தொடங்கவே மறுத்துவிடும்.

இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓடும்போதே அனுப்பும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். பொது மாடலில் சில சமயம் வேலை செய்யும், ஆனால் நம்பி ஒப்படைக்கத் தக்கதல்ல. நிறுத்தி, அங்கே தொடங்குவதே முறை.

ஒரே ஒரு சர்வர்தான், அல்லது எல்லாச் சர்வர்களும் செயலியிலும் மைக்ரோகோடிலும் ஒன்றே என்றால் தயங்காமல் host-passthrough வையுங்கள். கொடுத்த காசுக்கு முழு வேகம் கிடைக்கும். வெவ்வேறு தலைமுறைகள் கலந்திருந்தால், விஎம்மை உண்டாக்கும் நாளிலேயே, அது போகக்கூடிய மிகப் பழைய ஹோஸ்ட்டைப் பார்த்து மாடலை எழுதிவிடுங்கள். பின்னால் மாற்றினால், உள்ளிருந்து ரீபூட் கொடுப்பது போதாது. விஎம்மை முழுவதும் ஷட்டவுன் செய்து மறுபடி தொடங்கினால்தான் புதிய அமைப்பு நடைமுறைக்கு வரும்.