பிளேட்டில் 1.15 என்று இருக்கிறதே!

நூற்பாலையின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ஓடும் ஒரு ஃபேனை எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் முழு வேகத்தில் ஓட அதற்கு 12 கிலோவாட் தேவை. சந்தையில் கிடைப்பது 11 கிலோவாட் மோட்டார், அதை விட்டால் 15. பதினொன்றின் பிளேட்டில் சர்வீஸ் ஃபேக்டர் 1.15 என்று பொறித்திருந்தால் மனசு அதன் பக்கமே சாயும். பெருக்கிப் பார்த்தால் 12.65 வருகிறது, விலையும் குறைவு.

நேரடி மின்சாரத்தில் அது ஓடிவிடும். டிரைவில், அதாவது இன்வெர்ட்டரில், அந்தக் கணக்கு எடுபடாது. சர்வீஸ் ஃபேக்டர் என்பது கூடுதல் சூட்டைத் தாங்கிக்கொள்ளக் கொடுத்த அனுமதிதான். டிரைவ் அனுப்பும் மின்சாரம் சீரான அலையாக இல்லாமல் துடிப்புகளாக வருவதால், அதே சுமைக்கே மோட்டார் சற்று அதிகம் சுடுகிறது. அந்த 15 சதவீதம் அதிலேயே கரைந்துவிடும். அதனால்தான் டிரைவுக்கு 1.0 என்று தனியாகவே குறிப்பிடும் பிளேட்டுகளும் உண்டு. ஆகவே 15 கிலோவாட்தான். கோடையில் 53 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினாலும் தேவை 14.3-ஐத் தாண்டாது. 55 வைத்தால் 16 ஆகிவிடும். வேகத்தின் மும்மடியில் ஏறும் சுமை இது.

இறங்கும்போதும் அதே வேகத்தில் இறங்கும். 40 ஹெர்ட்ஸில் சுமார் 6 கிலோவாட் போதும். மோட்டாரின் சொந்தக் காற்றாடி மெதுவாகச் சுற்றினாலும் சுமை அதைவிட விரைவாகக் குறைவதால் தனி புளோயர் தேவைப்படாது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் இப்படி நடந்துகொள்ளாது. உயரத்தை வென்றாக வேண்டியிருப்பதால் ஓரளவுக்குமேல் வேகத்தைக் குறைத்தால் தண்ணீரே வராது.

திறன் வகுப்பில், 15 கிலோவாட் நான்கு போல் மோட்டாருக்கு ஐஇ2 என்றால் 90.6 சதவீதம், ஐஇ3 என்றால் 92.1. 12 கிலோவாட் சுமையில் மணிக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவாகவே மிச்சம். வருஷம் முழுக்க ஓடும் ஃபேனுக்கு அதுவும் காசுதான். ஐஇ4-க்குக் கூடுதல் விலை கொடுப்பதை, பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸில் ஓடப்போகிற ஃபேனுக்கு நான் யோசித்துத்தான் செய்வேன். பெரிய மிச்சத்தை வேகக் குறைப்பே கொடுத்துவிடுகிறது.

இன்சுலேஷனில் எஃப் கிளாஸ் 155 டிகிரி வரை தாங்கும். கேட்க வேண்டியது, எஃப் கிளாஸ் இன்சுலேஷன், ஆனால் சூடேற்றம் பி அளவில், அதாவது 80 டிகிரிக்குள். அந்த இடைவெளிதான் டிரைவின் கூடுதல் சூட்டுக்கு இடம் தரும். ஆனால் ஹெச் கிளாஸே வாங்கினாலும் தீராத ஒன்று உண்டு: மின்னழுத்தத் தாக்குதல். 415 வோல்ட் டிரைவுக்குள் டிசி சுமார் 590 வோல்ட். கேபிள் நீளமானால் மோட்டார் முனையில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். டிரைவ் பேனல் தொலைவில் இருந்தால் இன்வெர்ட்டர் டியூட்டி வைண்டிங் கேளுங்கள், அல்லது டிரைவின் வெளிவாயிலில் ஃபில்டர் போடுங்கள்.

எரிந்த மோட்டாரை வைண்டரிடம் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். காயில் முழுதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சூடு. மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, லீட் பக்கத்து முதல் சுற்றுகளில் மட்டும் ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் மின்னழுத்தத் தாக்குதலைச் சந்தேகியுங்கள்.