கட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது மரபியல்

ஓர் உயிரியில் ஒரு பண்புக்கு இரண்டு அல்லீல்கள் இருக்கின்றன. கேமீட், அதாவது இனச்செல், உருவாகும்போது அவை பிரிகின்றன. ஒவ்வொரு கேமீட்டுக்கும் ஒன்றுதான் போய்ச் சேர்கிறது. மரபியல் விரிவுரையில் இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. கேட்பவருக்கும் புரிந்துவிட்டதாகவே தோன்றும். உண்மையில் புரிந்ததா என்பது, இதை ஒரு கலப்புக் கணக்காக மாற்றிக் கையில் கொடுக்கும்போதுதான் தெரியும்.

கணக்காக மாற்றுவதற்கு வழி இருக்கிறது. விரிவுரையின் ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, கட்டம் போடும்போது இது எந்த அடியை அனுமதிக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த அடிக்குப் பக்கத்திலேயே காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் எழுத முடியாத அடி மனப்பாடத்திலிருந்து வந்தது. கிரெகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். அவர் எண்ணி வைத்த விதைகள் விடையைச் சரிபார்க்கவும் உதவும்.

முதல் கணக்கு: தூய கால்வழி உருண்டை விதைப் பட்டாணியைத் தூய கால்வழி சுருங்கிய விதைப் பட்டாணியோடு கலந்தால் முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும் எப்படி இருக்கும்?

உருண்டைக்கு R, சுருக்கத்துக்கு r. தூய கால்வழி என்பதால் பெற்றோர் RR, rr. முதல் பெற்றோரிடமிருந்து R மட்டுமே வர முடியும், இரண்டாமவரிடமிருந்து r மட்டுமே வர முடியும். ஆகவே முதல் தலைமுறை முழுவதும் Rr. இதற்குக் கட்டமே வேண்டியதில்லை. அந்த விதைகள் எல்லாம் உருண்டையாக இருப்பதற்கு மட்டும் தனிக் காரணம் எழுத வேண்டும். 'R ஓங்கு பண்பு' என்பது பெயர்தான், காரணம் ஆகாது. காரணம் 1990-இல் தெரிய வந்தது. R அல்லீல் மாவுச்சத்தைக் கிளைத்து வளரச் செய்யும் ஒரு நொதியைத் தருகிறது. r அல்லீலில் வேறொரு டி.என்.ஏ. துண்டு இடையில் புகுந்திருப்பதால் அந்த நொதி உருவாவதில்லை. அத்தகைய விதையில் மாவுச்சத்து குறைந்து சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை நீரை அதிகம் இழுக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேற, தோல் சுருங்குகிறது. ஒரே ஒரு R இருந்தாலும் விதை உருண்டையாவதற்குப் போதுமான நொதி கிடைத்துவிடுகிறது.

இனி Rr செடியைத் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ள விட வேண்டும். இங்கேதான் கட்டம் தேவைப்படுகிறது. இதை வகுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரெஜினால்ட் புன்னட். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இந்த முறை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

```
        R     r
  R    RR    Rr
  r    Rr    rr
```

மேல் ஓரத்தில் மகரந்தத்தின் கேமீட்கள், இடது ஓரத்தில் சூலின் கேமீட்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துதான், ஏனென்றால் அல்லீல்கள் பிரிந்துவிட்டன. R-க்கும் r-க்கும் ஒரே அகலத்தில் இடம் கொடுத்திருப்பதற்கும் காரணம் உண்டு: இரண்டு வகையும் சம அளவில் உருவாகின்றன. நான்கு கட்டங்களுக்கும் சமமான நிகழ்தகவு இருப்பதற்குக் காரணம், எந்த மகரந்தம் எந்தச் சூலைச் சேரும் என்பதில் பாகுபாடு இல்லாதது. இந்த மூன்று காரணங்களும் ஓரத்தைப் பற்றியவை. மரபியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. உள்ளே நடப்பது வெறும் பெருக்கல். மாணவர்கள் செய்யும் பெரும்பாலான பிழைகளும் ஓரத்திலேயே பிறக்கின்றன. கேமீட்டின் இடத்தில் Rr என்று எழுதிவிட்டால் உள்ளே நான்கெழுத்துச் சந்ததி வந்து நிற்கும். ஒரு பண்புக்கு இரண்டெழுத்துக்கு மேல் உள்ளே தெரிந்தால், ஓரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

விடை மூன்று உருண்டைக்கு ஒரு சுருக்கம். மெண்டலுக்குக் கிடைத்தவை 5,474 உருண்டை, 1,850 சுருக்கம், அதாவது 2.96-க்கு 1. ஒரு காயில் நான்கு விதை இருந்தால் கட்டாயம் ஒன்று சுருங்கியிருக்கும் என்று கட்டம் சொல்லவில்லை. நான்கும் உருண்டையாகவே இருப்பதற்கு முக்கால் பெருக்கல் முக்கால் என நான்கு முறை பெருக்கினால், ஏறக்குறைய 32 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் எண்ணும்போதுதான் விகிதம் தெளிவாகத் துலங்கும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எதை எங்கே எண்ணுவது என்பது. விதையின் உருவம் அதற்குள் இருக்கும் கருவின் பண்பு. கரு தாய்ச்செடிக்கு அடுத்த தலைமுறை. எனவே முதல் தலைமுறைச் செடியில் தொங்கும் காயை உரித்தாலே இரண்டாம் தலைமுறை கையில் கிடைத்துவிடும்; உருண்டையும் சுருக்கமும் ஒரே காய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பூவின் நிறமோ செடியின் உயரமோ அப்படி அல்ல. விதையை நட்டு ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். கணக்கில் 'இச்செடியின் விதைகள்' என்றிருந்தால், அவை எந்தத் தலைமுறை என்பதை முதலில் எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாவது கணக்கு அதே கட்டத்தைத் திருப்பிக் கேட்பது. இரண்டாம் தலைமுறையிலிருந்து ஓர் உருண்டை விதை எடுக்கப்பட்டது. அது Rr ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

நான்கில் இரண்டு கட்டங்கள் Rr என்பதால் பாதி என்றே பலரும் எழுதுவார்கள். ஆனால் கையில் இருக்கும் விதை உருண்டை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆகவே rr கட்டத்தை அடித்துவிட வேண்டும். மிஞ்சிய மூன்றில் இரண்டு Rr. விடை மூன்றில் இரண்டு. மெண்டல் இப்படிப்பட்ட உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன; 372 செடிகள் இரண்டு வகையும் தந்தன. ஏறக்குறைய 1-க்கு 2.

ஒரு குறிப்பிட்ட செடி RR-ஆ Rr-ஆ என்று அறியச் சோதனைக் கலப்பு செய்யலாம்: அதை rr செடியோடு கலக்க வேண்டும். rr-ஐத் தேர்ந்தெடுப்பதன் காரணத்தைத்தான் மாணவர் எழுத வேண்டும். rr தரும் கேமீட் எதையும் மறைக்காது. எனவே சோதிக்கப்படும் செடியின் கேமீட்கள் அப்படியே விதையின் உருவமாக வெளிப்படும். ஒரே ஒரு சுருங்கிய விதை கிடைத்தாலும் அச்செடி Rr என்று முடிவாகிவிடும். உருண்டையாகவே வந்துகொண்டிருந்தால் அப்படி ஒரேயடியாக முடிவு கட்ட முடியாது. Rr செடி தொடர்ந்து ஆறு உருண்டை விதை தருவதற்கும் 64-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

மூன்றாவது கணக்கில் விதையின் நிறமும் சேர்கிறது. மஞ்சள் Y, பச்சை y. RrYy செடியைத் தற்கலப்பு செய்தால் என்ன கிடைக்கும்? இங்கும் ஓரத்தைச் சரியாக எழுதுவதே வேலை. ஒவ்வொரு கேமீட்டிலும் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் அல்லீல் இருக்க வேண்டும்: RY, Ry, rY, ry. Rr என்றோ Yy என்றோ கேமீட் கிடையாது. நான்கும் கால் பங்கு வீதம் வருவதற்கு விரிவுரையின் இன்னொரு கூற்று தேவை: ஒரு பண்பின் அல்லீல்கள் பிரிவது, மற்றொன்றின் பிரிவைப் பொருட்படுத்தாது. இதை ஏற்றுக்கொண்டால் பதினாறு கட்டத்தையும் வரைய வேண்டியதுகூட இல்லை. உருண்டை முக்கால், மஞ்சள் முக்கால். இரண்டும் சேர்ந்திருப்பது பதினாறில் ஒன்பது. மற்றவையும் இப்படியே 3, 3, 1. மெண்டலின் 556 விதைகளில் 315 உருண்டை மஞ்சள், 108 உருண்டைப் பச்சை, 101 சுருங்கிய மஞ்சள், 32 சுருங்கிய பச்சை.

கடைசிக் கணக்கு, அந்தக் கூற்று பொய்த்துப்போகும் இடம். அதைக் கண்டவர்களில் புன்னட்டும் ஒருவர். வில்லியம் பேட்சன், எடித் சாண்டர்ஸ் ஆகியோரோடு அவர் இனிப்புப் பட்டாணிப் பூச்செடியை ஆராய்ந்தார். ஊதாப்பூ (P), நீள மகரந்தம் (L) ஆகியவை ஓங்கு பண்புகள். சிவப்புப்பூ (p), உருண்டை மகரந்தம் (l) ஒடுங்கு பண்புகள். PPLL-ஐ ppll-உடன் கலந்து பெற்ற PpLl செடிகளின் சந்ததியில் 6,952 செடிகள் இப்படி அமைந்தன: ஊதா நீளம் 4,831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீளம் 393, சிவப்பு உருண்டை 1,338. ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்ற கணக்குப்படி ஏறக்குறைய 3,911, 1,304, 1,304, 435 வந்திருக்க வேண்டும்.

எந்த அடி தவறியது என்று தேடுவதே இந்தக் கணக்கின் பயன். முதலில் பண்புகளைத் தனித்தனியே பார்க்கலாம். ஊதா மொத்தம் 5,221, சிவப்பு 1,731. இது 3-க்கு 1. நீளம் 5,224, உருண்டை 1,728. இதுவும் 3-க்கு 1. ஆகவே ஓங்குதன்மையும் சரி, ஒவ்வொரு பண்பின் அல்லீல்களும் பிரிவதும் சரி. மிச்சமிருப்பது ஒன்றுதான்: நான்கு கேமீட்களும் சமமாக உருவாகவில்லை. இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால், பெற்றோரிடமிருந்து வந்த PL, pl சேர்க்கைகள் பெரும்பாலும் பிரியாமலே கேமீட்டுக்குப் போகின்றன. இந்த விளக்கம் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களில் செய்த ஆய்வுக்குப் பிறகே தெளிவானது.

எவ்வளவு பிரியாமல் போகின்றன என்பதையும் கட்டத்திலிருந்தே எடுக்கலாம். சிவப்பு உருண்டைச் செடி ஒரே ஒரு வழியில்தான் உருவாகும்: pl கேமீட்டோடு pl சேர வேண்டும். ஆகவே அதன் பங்கு, pl-இன் பங்கை அதனாலேயே பெருக்கியது. 1,338-ஐ 6,952-ஆல் வகுத்தால் 0.192, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.44. PL-உம் அதே அளவு. மீதி 0.12-ஐ மற்ற இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன.

```
PL 0.44   Pl 0.06   pL 0.06   pl 0.44
```

இந்த ஓரத்தை வைத்து ஊதா உருண்டையைக் கணக்கிடலாம். அது Pl-உடன் Pl சேர்ந்தாலும் வரும், Pl-உடன் pl சேர்ந்தாலும் வரும். இரண்டாவது சேர்க்கை மகரந்தம் வழியாகவும் சூல் வழியாகவும் நடக்கும் என்பதால் இரண்டு முறை எண்ண வேண்டும். 0.0036-உடன் 0.0528 கூட்டினால் 0.0564. அதை 6,952-ஆல் பெருக்கினால் 392. சிவப்பு நீளத்துக்கும் அதே எண். வயலில் எண்ணியவை 390, 393.