பழைய கல்நார்க் கூரையை எடுக்கும் முறை

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்திற்கு அருகே கரையைக் கடந்தது. இக்கரையில் இத்தகைய காற்று அடிக்கும்போதெல்லாம் நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று அழைக்கும் கல்நார்ச் சிமெண்டுத் தகடுகள் விரிசல் காண்பது இயல்பு. அதன்பின் கூரையை மாற்ற எண்ணுவோர் இரண்டு காரியங்களை அறிந்திருத்தல் நலம்: பழையதை எவ்வாறு இறக்குவது, புதியதை எவ்வாறு கட்டுவது.

முழுமையாக இருக்கும் தகடு, தொடாத வரையில் பெருந்தீங்கு செய்வதில்லை. அதன் சிமெண்டிற்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கல்நார் இழைகள் பிணைந்து கிடக்கின்றன. உடைக்கும்போதும், துளையிடும்போதும், உலர்ந்த நிலையில் தேய்க்கும்போதும் அவ்விழைகள் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கின்றன. நுரையீரலில் தங்கிய இழை, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஆகவே தூசி எழாதபடி, தகடு உடையாதபடி இறக்குவதே வேலையின் முழுப் பொருள்.

இருபது அடி நீளமும் பன்னிரண்டு அடிச் சரிவும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் நீளத் தகடுகள் வரிசைக்கு ஆறாக, இரண்டு வரிசையில் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 கிலோ எடையுள்ளது. இருவர் சேர்ந்தே இறக்க வேண்டும்.

கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி எழுவதால், விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்குவது நன்று. முதல்நாளே அறையைக் காலி செய்து, தரையில் பாலிதீன் விரித்து, சன்னல்களை மூடி, மின்சார மெயினை அணைத்துவிட வேண்டும். பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் விலகியிருக்கட்டும். வேலை செய்வோர் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் பி100 வகை வடிகட்டி கொண்ட முகக்கவசம் அணிய வேண்டும். கைக்குட்டை இவ்விழைகளைத் தடுக்காது.

பழைய தகட்டின்மேல் ஒருபோதும் கால் வைக்கலாகாது. உறுதியாகத் தோன்றும் தகடு திடீரென உடைந்து ஆளைக் கீழே தள்ளும். குறுக்குச் சட்டங்களின்மீது பலகை போட்டு, அதன்மேல் நின்றே வேலை செய்ய வேண்டும். சிறிது சோப்புக் கரைசல் கலந்த நீரைப் பூவாளியால் மெல்லத் தெளித்துத் தகட்டை நனைத்துக்கொள்ள வேண்டும். குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சினால் இழைகளே கிளம்பும்.

இப்பகுதியில் பெரும் இடையூறு துருப்பிடித்த ஜே போல்ட்டுகளே. உப்புக் காற்றில் இறுகிய நட்டைச் சுத்தியால் அடித்தால் தகடு நொறுங்கும். ஆகையால் அடிப்பக்கத்தில், சட்டத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை இரும்பு வாளால் அறுத்துவிடுவதே முறை. போட்ட வரிசைக்கு நேர்மாறாக, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு தகட்டையும் இழுக்காமல் தூக்கி எடுத்து, கைமாற்றிக் கீழே இறக்க வேண்டும்.

இறக்கியவற்றைத் துண்டாக்காமல் தடித்த பாலிதீனில் இரட்டையாகச் சுற்றி ஒட்டி, உள்ளிருப்பது கல்நார் என்று எழுதி வைக்க வேண்டும். சிதறிய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் அதே பொதிக்குள் இட வேண்டும். வேலை செய்தவரின் உடைகளைக் குடும்பத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது. பழைய தகட்டை ஆட்டுக் கொட்டகைக்கோ வேலிக்கோ பயன்படுத்துவதும், உடைத்துப் பள்ளம் நிரப்புவதும் தீங்கை இடம் மாற்றுவதே ஆகும். அபாயக் கழிவுகளைப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. தகடுகளை ஒப்படைக்கும் வழியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கூரையைப் பிரிக்கலாம்.

இனிப் புதிய கூரை. மங்களூர் ஓடு துருப்பிடிக்காது, வெயிலையும் தணிக்கும். ஆயினும் சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளது; பழைய தகட்டைப்போல் மூன்று மடங்கு. பழைய சட்டங்கள் அதைத் தாங்கா. புதிய மரச்சட்டங்களும் நெருக்கமான ரீப்பர்களும் வேண்டும். செங்கற்பட்டு நகரைப்போலக் கடலைவிட்டு விலகிய இடங்களில் வண்ணம் பூசிய இரும்புத் தகடு போதுமானது. கடற்கரையை ஒட்டிய வீட்டிற்கு அலுமினியத் தகடே நீண்டகாலம் நிற்கும். ஆனால் இரும்புச் சட்டத்தை அது நேராகத் தொடாதபடி இடையில் ரப்பர்ப் பட்டை வைக்க வேண்டும். இல்லையெனில் தொடும் இடத்தில் அரித்துவிடும்.

உலோகத் தகட்டில் பலரும் கவனியாதது அதன் எடைக் குறைவு. சதுர மீட்டருக்கு 13 கிலோ இருந்த இடத்தில் இப்போது ஐந்து கிலோவும் இராது. பழைய கூரை தன் எடையாலும் ஓரளவு நின்றது. புதியதைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சித் தூக்கும். சென்னைப் பகுதியில் கட்டடங்கள் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றைக் கணக்கில் கொண்டு கட்டப்பட வேண்டும் என்று இந்தியத் தர விதி கூறுகிறது. ஆதலால் சட்டங்களைச் சுவரின்மேல் வெறுமனே வைக்காமல், சுவருக்குள் ஆழப் புதைத்த இரும்புப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். இறவாணத்திலும் ஓரங்களிலும் திருகுகளை நெருக்கமாகப் போட வேண்டும். காற்று முதலில் பிடித்து உரிப்பது அவ்விடங்களையே.