மேகமா, சுண்ணாம்பா?

கோவையில் பல வீடுகளின் மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்றில் சிறுவாணித் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். ஊர்ப் பேச்சில் முன்னது நல்ல தண்ணி, பின்னது உப்புத் தண்ணி. எங்கள் வீட்டில் சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்ட வந்தவர், எப்போதும் நிரம்பியிருக்கிறது என்பதால் உப்புத் தண்ணித் தொட்டியிலிருந்தே குழாய் இழுத்துவிட்டார். இருநூறு லிட்டர் டேங்க், 20 கண்ணாடி டியூப்கள். நான்காம் வருட ஐப்பசி மழையில் வெந்நீர் வெறும் வெதுவெதுப்பாக வரத் தொடங்கியது.

"மானம் மூடியிருக்குதுங்க. வெயில் வந்தா சரியாயிரும்" என்றார் பிளம்பர்.

அவர் சொன்னதில் பாதி சரி. நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 5 யூனிட் ஆற்றல் விழுகிறது. எங்கள் ஹீட்டருக்கு ஏறக்குறைய 3 சதுர மீட்டர் பரப்பு. விழுவதில் பாதிதான் தண்ணீரில் சேரும் என்று வைத்தாலும் ஏழரை யூனிட் வரும். இருநூறு லிட்டரை 10 டிகிரி சூடாக்க 2.3 யூனிட் வேண்டும். ஆக, 26 டிகிரியில் ஏறும் தண்ணீர் மாலைக்குள் 58 டிகிரியைத் தொடும். கனத்த மேகமூட்டத்தில் விழுவது 2 யூனிட்டாகக் குறைந்தால், அதே கணக்கில் 39 டிகிரிதான் கிடைக்கும். நம் உடம்புச் சூடே 37. அதில் குளித்தால் வெதுவெதுப்பாகத்தான் தெரியும். ஹீட்டர் மேல் எந்தக் குறையும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் டேங்கில் உள்ள 2 கிலோவாட் காயிலை விடியற்காலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போட்டால் மேலும் 10 டிகிரி ஏறிவிடும். இரவு முழுக்கப் போட்டு வைக்கத் தேவையில்லை.

ஆனால் மழை விட்டு மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகும் எங்கள் தண்ணீர் சூடேறவில்லை. அன்று காலையிலிருந்து யாரும் வெந்நீர் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். மாலை 4 மணிக்கு, குழாயில் நின்ற தண்ணீரை ஓடவிட்டு வாளியில் தெர்மாமீட்டர் வைத்தால் 45 டிகிரி காட்டியது. மேகத்தின் மேல் பழி போட இனி வழியில்லை.

அடுத்த சந்தேகம் டியூப் மேல். ஒவ்வொரு டியூபும் இரட்டைச் சுவர் கொண்டது, நடுவில் வெற்றிடம். அதனால் உச்சி வெயிலிலும் வெளிக் கண்ணாடி கைக்குச் சூடாகத் தெரியாது. அடிமுனையில் வெள்ளிப் பூச்சு பளபளக்கும். காற்று புகுந்துவிட்டால் அந்தப் பூச்சு வெளுத்துவிடும், கண்ணாடியும் சுடும். அந்த டியூபை மாற்றத்தான் வேண்டும். எங்களுடைய 20 டியூபிலும் வெள்ளி அப்படியே இருந்தது. குழாயில் தண்ணீரும் வேகமாகவே வந்தது. எனவே குழாய் அடைப்பும் இல்லை.

மறுநாள் வெயில் ஏறுமுன் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்தோம். ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூபை மெதுவாகத் திருகிக் கீழ்த் தாங்கியிலிருந்து விடுவித்து உருவினார் பிளம்பர். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுண்ணாம்புச் சேறு! டியூபுக்குள் சூடான தண்ணீர் ஒரு பக்கமாக மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் மறுபக்கமாகக் கீழே இறங்கும். இந்தச் சுழற்சிதான் ஹீட்டரின் உயிர். சுவரில் மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. சேறு நிறைந்தும் பொருக்கு தடித்தும் வழி குறுகும்போதுதான் சூடு அங்கேயே தேங்கிவிடுகிறது.

உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. எவ்வளவு படியும்? நாளைக்கு 150 லிட்டர் வெந்நீர் செலவு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் படிகிறது என்று வைத்தாலே வருடத்துக்கு இரண்டே முக்கால் கிலோ.

சேற்றை முதலில் கொட்டி அலசிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பொருக்குக்கு மட்டும் எலுமிச்சை உப்பு போதும். டியூபில் இரண்டே முக்கால் லிட்டர் அளவு பிடிக்கும், லிட்டருக்கு 50 கிராம் கரைத்து ஊற்றி நான்கைந்து மணி நேரம் நிழலில் சாய்த்து வைத்தோம். அந்த அளவு உப்பு கரைக்கக்கூடியது 100 கிராம் சுண்ணாம்பைத்தான். சேற்றோடு ஊற்றியிருந்தால் வீணாகியிருக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை டேங்கில் ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளிப் புள்ளியாக ஓட்டை போட்டுவிடும். இன்னொன்று, காலி டியூபை வெயிலில் விடவே கூடாது. உள்ளே 200 டிகிரிக்கு மேல் ஏறும், பச்சைத் தண்ணீர் பட்ட நொடியில் வெடித்துவிடும். டேங்கை நிரப்பும்வரை தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தோம்.

அடுத்த வெயில் நாள் மாலை தெர்மாமீட்டர் 57 காட்டியது. ஹீட்டரின் இணைப்பை நல்ல தண்ணித் தொட்டிக்கு மாற்றிவிட்டோம். சிறுவாணித் தண்ணீர் தினமும் வருவதில்லை. அதனால் அந்தத் தொட்டியை மட்டும் பெரிதாக்க வேண்டியிருந்தது.