100 கிலோவாட் கூரை எத்தனை யூனிட் தரும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் 100 கிலோவாட் சோலார் போடுவதாக வைத்துக்கொள்வோம். தெற்கு நோக்கி லேசாகச் சாய்த்த பேனலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுக்குச் சுமார் 2,000 யூனிட் அளவு வெயில் விழுகிறது. இழப்பே இல்லையென்றால் அந்த 100 கிலோவாட் 2,00,000 யூனிட் தர வேண்டும். நிஜத்தில் கிடைப்பது இதில் எத்தனை சதவீதமோ, அதுதான் ‘பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ’. கொட்டேஷனில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

பேனலின் வாட் திறனை அளப்பது 25 டிகிரி செல் வெப்பத்தில். நம் ஊர் நண்பகலில் செல் 55 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்குச் சுமார் 0.35% வீதம் திறன் குறைவதால், ஆண்டு முழுக்கப் பார்த்தால் 10% வரை போய்விடும். தகர ஷீட்டோடு ஒட்டிப் பதித்தால், அடியில் காற்று ஓடாமல் இன்னும் கூடும்.

நிழல்தான் ஏமாற்றுவது. பேனலை விட 2 மீட்டர் உயர்ந்து நிற்கும் படிக்கட்டு அறையின் நிழல் டிசம்பர் நண்பகலில் 1.4 மீட்டர்தான் நீளும்; மாலை 4 மணிக்கு அதுவே சுமார் 4 மீட்டர். ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், நண்பகல் நிழல் தெற்கே விழும். ஒரே ஒரு நாள் மாடியேறிப் பார்த்து ‘நிழல் இல்லை’ என்று எழுதிக்கொடுப்பதை நம்பக்கூடாது. செல்கள் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு மூலையில் விழும் நிழலே பேனலின் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடும்.

நம் மாடியில் நிழலுக்கு 5%, தூசிக்கு 4%, ஒயர், இன்வெர்ட்டர் வகையறாவுக்கு 5% என்று கொள்வோம். இவற்றைக் கூட்டிக் கழிக்கக்கூடாது, பெருக்க வேண்டும்: 0.90 × 0.95 × 0.96 × 0.95 = 0.78. ஆக, 1,56,000 யூனிட். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4.3 யூனிட்.

இது புதுப் பேனலின் கணக்கு. முதல் ஆண்டில் 2%, பிறகு ஆண்டுக்கு 0.55% தேய்ந்தால் 25ஆம் ஆண்டில் 1,32,000 யூனிட்தான் வரும். மொத்தக் காலத்தின் சராசரி 1,43,000 யூனிட், அதாவது நாளுக்கு 3.9. போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதை முதலாண்டு எண்ணை வைத்துப் பெருக்கிக் காட்டினால், தேய்மானத்தைச் சேர்த்துத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகும் கணக்கு முடியாது. பேனலின் சாய்விலேயே ஒரு வெயில்மானி வைத்து, மாதாமாதம் இந்த விகிதத்தைப் பாருங்கள். ஏப்ரலில் கொஞ்சம் சரிந்தால் அது வெப்பம். எல்லா வரிசையும் சேர்ந்து மெல்ல இறங்கி, கழுவியதும் ஏறினால் தூசி. ஒரே ஒரு வரிசை மட்டும் தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் படுத்தால், அந்த நேரத்துக்கு மாடியேறிப் பாருங்கள்; பெரும்பாலும் நிழல் அங்கே விழுந்திருக்கும்.