சம்பளம் தள்ளிப்போகிறது: அந்தச் சுற்றறிக்கையை எப்படி எழுதுவது?

"தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்களால் இம்மாத ஊதியம் வழங்குவதில் சற்றுக் காலதாமதம் ஏற்படும். ஊழியர்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். – நிர்வாகம்."

தகவல் பலகையில் இப்படி ஒரு தாள் ஒட்டப்பட்ட அரை மணி நேரத்தில் டீக்கடையில் கம்பெனியையே விற்றுவிடுவார்கள். காரணம் என்ன, எத்தனை நாள் ஆகும் என்று தாளில் இல்லை. அதை வதந்தி சொல்லிவிடுகிறது.

இதைத் திருத்தி எழுத உட்காருபவர் முதலில் திறக்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை. திருப்பூரில் 120 பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 30 லட்சம் ரூபாய், வழக்கமாக 3ஆம் தேதி போடுவார்கள். ஜூன் சம்பளத்துக்குக் கையில் இருப்பதோ 20 லட்சம். சரக்கு வாங்கிய வெளிநாட்டுக்காரர் 9ஆம் தேதி வியாழக்கிழமை பணம் அனுப்புவதாக மின்னஞ்சலில் உறுதி சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் 10ஆம் தேதி சம்பளம் என்று எழுதிவிடலாமா? கூடாது. அயல்நாட்டுப் பணம் வங்கிக்கு வந்து, ஆவணம் பார்த்து, ரூபாயாக மாறிக் கணக்கில் ஏற ஓரிரு வேலை நாள் பிடிக்கலாம். 11ஆம் தேதி இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. மறுநாள் ஞாயிறு. ஆகவே நம்பிச் சொல்லக்கூடிய நாள் 14, செவ்வாய்.

தேதி விஷயத்தில் தாராளம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு பைஜூஸ் ஓர் உதாரணம். 2024 மார்ச் தொடக்கத்தில் அதன் நிறுவனர் பைஜு ரவீந்திரன், பங்கு வெளியீட்டில் திரட்டிய பணம் தனிக் கணக்கில் முடங்கியிருப்பதால் பிப்ரவரி சம்பளம் தாமதமாகிறது என்று ஊழியர்களுக்கு எழுதினார். காரணத்தை மறைக்கவில்லை. 10ஆம் தேதிக்குள் தர முயல்வதாகவும் சொன்னார். ஆனால் அந்தப் பணம் முதலீட்டாளர்களோடு நடந்த வழக்கில் மாட்டியிருந்தது. எடுக்கும் உரிமை அவர் கையில் இல்லை. கடைசியில் பலருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதிதான் வந்தது.

அடுத்தது தவணை. வீட்டுக் கடன், வண்டிக் கடன் தவணைகள் பலருக்கும் 5ஆம் தேதி தானாகப் பிடிக்கப்படும். 2021 ஆகஸ்ட் முதல் இந்தத் தானியங்கிப் பற்று விடுமுறை நாளிலும் நடக்கிறது. 5ஆம் தேதி ஞாயிறு என்றாலும் தப்பாது. கணக்கில் பணம் இல்லையென்றால் அபராதம், கூடவே கடன் மதிப்பெண்ணில் கீறல். எனவே சுற்றறிக்கை 1ஆம் தேதியே போக வேண்டும். 3ஆம் தேதி மாலை போகும் அறிக்கை நேர்மையானதாக இருக்கலாம், பயனில்லை.

திருத்திய வடிவம் இது:

"ஜூன் சம்பளத்தை 3ஆம் தேதி முழுதாகத் தர எங்களால் முடியவில்லை. அன்று எல்லோருக்கும் 60 சதவீதம் கணக்கில் ஏறும். மீதியை 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை போடுகிறோம். ஏற்றுமதி செய்த சரக்குக்குப் பணம் வரத் தாமதமானதுதான் காரணம். 9ஆம் தேதி அனுப்புவதாக வாங்கியவர் எழுத்தில் உறுதி தந்திருக்கிறார். 10ஆம் தேதி மாலை வரை நம் வங்கிக்கு வராவிட்டால் அன்றே உங்களிடம் சொல்வேன். 5ஆம் தேதி தவணை உள்ளவர்கள் நாளைக்குள் கணக்குப் பிரிவில் சொல்லுங்கள்; முன்பணத்துக்கு 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். இந்தத் தாமதத்தால் வங்கி அபராதம் பிடித்தால் ரசீதைக் கொடுங்கள், நிறுவனம் தந்துவிடும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வழக்கம்போல் 15ஆம் தேதிக்குள் கட்டப்படும். தாமதத்துக்கு நானே பொறுப்பு, மன்னிக்கவும்."

கீழே 'நிர்வாகம்' என்று இல்லாமல் நிர்வாக இயக்குநரின் பெயரும் கையெழுத்தும் இருக்கும்.

"நிறுவனம் வலுவாக இருக்கிறது" என்ற வரி இதில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். அது யாரையும் தேற்றியதாகத் தெரியவில்லை. மாறாக, கேட்காத சந்தேகத்தைக் கிளப்பிவிடும். ஆறுதல் தருவது அந்த 60 சதவீதமும், பி.எஃப். பற்றிய ஒரு வரியும்தான். சம்பளம் தள்ளிப்போனால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுவது பி.எஃப். ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதைத்தான். "இனி இப்படி நடக்காது" என்ற வாக்கும் இல்லை, அடுத்த மாதப் பணம் இன்னும் கைக்கு வராததால்.

ஒன்றை மட்டும் எந்தச் சுற்றறிக்கையாலும் சரிசெய்ய முடியாது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. ஊழியர்கள் 'சரி' என்று கையெழுத்துப் போட்டாலும் 14ஆம் தேதி தரும் 40 சதவீதம் சட்டப்படி தாமதமே. ஒப்புதல் கையெழுத்துக்காகத் தாளின் அடியில் கோடு போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை எடுத்துவிட்டு, 7ஆம் தேதிக்குள் குறுகிய காலக் கடன் கிடைக்குமா என்று வங்கி மேலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்துவிட்டால் இரண்டாவது சுற்றறிக்கை ஒரே வரியில் முடியும்: மீதி 40 சதவீதம் இன்று ஏறிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்.