நான்கு புள்ளியில் மாறும் வட்டி

வீட்டுக்கடன் கேட்டுப் போனால், சம்பளச் சீட்டோடு சேர்த்து சிபில் ஸ்கோரையும் வங்கி பார்க்கிறது. 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணைப் பல வங்கிகள் படிக்கட்டாகவே வாசிக்கின்றன. ஒரே படிக்குள் பத்துப் புள்ளி கூடினாலும் குறைந்தாலும் வட்டி அசையாது. படியின் விளிம்பில் நிற்பவருக்கோ நான்கு புள்ளியே பெரிது.

அக்காவும் தம்பியும் ஒரே வங்கியில் 20 ஆண்டுகளுக்கு ஆளுக்கு 30 லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் ஒன்றுதான். அக்காவின் ஸ்கோர் 752, தம்பியுடையது 748. அந்த வங்கி 750-க்கு மேல் 8.5 சதவீதமும் அதற்குக் கீழே 9 சதவீதமும் வாங்குகிறது. அக்காவின் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய், தம்பிக்கு 26,992. வட்டி மாறாவிட்டால், கடன் முடிவதற்குள் தம்பி ஏறக்குறைய 2.3 லட்சம் கூடுதலாகக் கட்டியிருப்பார்.

இந்தப் படிகளை வகுப்பது ரிசர்வ் வங்கி அல்ல, கடன் கொடுப்பவர்களே. பொதுவாக 750-ஐத் தாண்டினால் நல்ல வட்டி. சில வங்கிகள் மிகக் குறைந்த வட்டியை 800-க்கு மேல்தான் தருகின்றன. 700 முதல் 749 வரை கடன் பெரும்பாலும் கிடைக்கும், வட்டி சற்றுக் கூடும். 650-ஐ ஒட்டி வந்தால் கடன் தொகையைக் குறைப்பார்கள், இணை விண்ணப்பதாரரைக் கேட்பார்கள். அதற்கும் கீழே பல வங்கிகள் கையை விரித்துவிடும். நிதி நிறுவனங்கள் கொடுத்தாலும் வட்டி மிக அதிகம். நகை அடகு மட்டும் விலக்கு. அங்கே முதல் பிணை தங்கம்தான். இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இராது. அது குறைந்த ஸ்கோர் அல்ல. வங்கி வருமானத்தையும் வேலையையும் வைத்து முடிவெடுக்கும்.

தம்பி தவணை எதையும் தவறவிட்டவர் அல்ல. ஒரு லட்சம் வரம்புள்ள கிரெடிட் கார்டில் மாதம் 80,000 செலவழித்து, கெடு தேதிக்குள் முழுவதும் கட்டிவிடுகிறார். ஆனால் சிபிலுக்குப் பொதுவாகப் போவது பில் போடும் நாளில் உள்ள பாக்கி. அந்தக் கணக்கில் அவர் வரம்பில் 80 சதவீதத்தைத் தொட்டவர். பில் தேதிக்கு முன்பே 60,000 கட்டிவிட்டால் பதிவாவது 20,000 மட்டும். ஓரிரு மாதம் இப்படிச் செய்துவிட்டு விண்ணப்பித்தால் அந்த நான்கு புள்ளியைத் தாண்ட நல்ல வாய்ப்புண்டு. அதற்குள் பல வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கக் கூடாது. ஒவ்வொரு விசாரணையும் ஸ்கோரைச் சற்றுக் கீழே இழுக்கும்.

கடனை 9 சதவீதத்தில் வாங்கியாகிவிட்டதா? பின்னர் ஸ்கோர் 780 ஆனாலும் வட்டி பெரும்பாலும் தானாக இறங்காது. ரெப்போ விகிதத்தோடு வட்டி ஏறி இறங்கலாம். அதன் மேல் உங்கள் ஸ்கோருக்காக வைத்த கூடுதல் பங்கு அப்படியே நிற்கும். புதிய அறிக்கையை இணைத்து, அந்தப் பங்கைக் குறைக்கும்படி வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், குறைந்த வட்டி தரும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம்.